இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் பழைய அறிவிப்புகள்

ஒரு வகுப்புக் குழுவைத் தவணை முடிவில் துப்புரவு செய்வது என்றாலே பலரும் முதலில் நினைப்பது கைப்பேசியில் இடம் போதவில்லை என்ற பிரச்சினையைத்தான். எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கான பெற்றோர் குழுவை நடத்தும் இருவரில் ஒருத்தி என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. இடத்தை அடைத்துக்கொள்ளும் கோப்பு அவ்வளவாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நாள் கடந்த பிறகும் யாரையோ ஏதோ செய்யச் சொல்லிக்கொண்டிருக்கும் அறிவிப்பும், முடிவெடுத்து முடிந்த பிறகும் வாக்குகளை வாங்கிக்கொண்டிருக்கும் வாக்கெடுப்பும், எவரும் திறந்து எழுதக்கூடிய நிலையிலேயே விடப்பட்ட பெயர்ப்பட்டியலும்தான் தீங்கு செய்கின்றன. ஆகவே எதை அழிப்பது என்று பார்ப்பதற்கு முன்னால், எது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் குழு டெலிகிராமில் இருக்கிறது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களும், சில வீடுகளில் தாத்தா பாட்டிமார்களும் அதில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் உள்ள தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழிப் பாடத்திற்கு வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து அமர்வது வழக்கம் என்பதால், மற்ற பாடங்களுக்கான வகுப்புக் குழுவில் தமிழ்ப் பாடத்தைப் பற்றிப் பேச இடமில்லை. பள்ளியின் அதிகாரபூர்வ அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் 2019 முதல் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியாக வருகின்றன. எங்கள் குழுவில் சேர்வது அதற்கு வெளியே உள்ள சின்னச் சின்ன விஷயங்கள்: இந்த வாரச் சொல்வதெழுதுதல் பட்டியல், வாய்மொழிப் பயிற்சிக்கான படம், தமிழ் மொழி மாத நிகழ்ச்சிக்கு என்ன உடை, விடுமுறையில் எந்த நூலகத்தில் சந்திப்பது. இவற்றுள் சில ஆண்டிறுதித் தேர்வு வரை வேண்டும், சில மறுநாளே செத்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடுக்கி வைப்பதுதான் இத்தகைய குழுக்களின் இயல்பு.

இரண்டாம் தவணையின் முடிவை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகிற இடைவெளி ஒரு வாரம்தான். அதற்குள் எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பிவிடுவார்கள். ஜூன் விடுமுறை நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் குழுவில் பேச்சு குறைந்துவிடுவதால், மேலே நிற்கும் பழைய அறிவிப்பு புதிய செய்திகளால் மூடப்படாமல் அப்படியே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை இரவு பெற்றோர் அவசரமாகக் குழுவைத் திறக்கும்போது முதலில் காண்பது மே மாத அறிவிப்பாக இருந்தால், அதையே திங்கட்கிழமைக்கானது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டிறுதியில் நிலைமை வேறு. அப்போது பிள்ளைகள் வகுப்பு மாறிப் பிரிந்துவிடுவதால் குழுவையே கலைத்துவிடலாம். ஆண்டு நடுவில் குழு தொடர்ந்து நடந்தாக வேண்டியிருப்பதால்தான் வேலை நுணுக்கமாகிறது.

டெலிகிராமில் நிர்வாகி ஒரு செய்தியை அழித்தால் யாருக்கும் எந்தத் தகவலும் போகாது. அது சத்தமில்லாமல் எல்லோருடைய திரையிலிருந்தும் மறைந்துவிடும். நேற்று வரை இருந்தது இன்று இல்லை என்றால், தான்தான் தவறுதலாக அழித்துவிட்டோமோ என்று பெற்றோர் குழம்புவார்கள். அதனால் ஒரு வாரத்திற்கு முன்பே எழுதிவிடுவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துகொண்டோம். நாங்கள் அனுப்பிய செய்தி இதுதான்: "அன்பான பெற்றோர்களே, வரும் வெள்ளிக்கிழமை மாலை குழுவில் உள்ள முதல் இரண்டு தவணைக் கோப்புகளையும் அறிவிப்புகளையும் ஒழுங்குபடுத்த இருக்கிறோம். சொல்வதெழுதுதல் பட்டியல்களும் வாய்மொழிப் படங்களும் அப்படியே இருக்கும். பிள்ளைகளின் படங்கள், உடை தொடர்பான விவரங்கள், பெயர்ப்பட்டியல்கள் நீக்கப்படும். உங்களுக்கு வேண்டியதை அதற்குள் சேமித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பட்டியலை மட்டும் தயவுசெய்து சேமிக்க வேண்டாம்." எது போகும் என்பதைப் போலவே எது இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத செய்தியைப் படிப்பவர்கள் எல்லாம் போகப்போகிறது என்று எண்ணி, வேண்டியது வேண்டாதது அனைத்தையும் தங்கள் கைப்பேசியில் இறக்கிக்கொள்வார்கள். பிறகு நாம் குழுவில் அழித்த பெயர்ப்பட்டியல் அத்தனை கைப்பேசிகளிலும் இருக்கும்.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையின் தாத்தா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவர்தான். "அம்மா, எனக்கு மேல தேடிப் போய்ப் பார்க்கத் தெரியாது. மேல ஒட்டி வச்சிருக்கிங்களே, அதத் தொட்டுத்தான் தினமும் பார்க்கிறேன். அத மட்டும் எடுத்துடாதிங்க" என்றார். "எடுக்க மாட்டோம், ஐயா. அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அது சரியானதாக இருக்கும்" என்று சொன்னேன். இந்த வேலை முழுவதற்கும் எனக்கு அளவுகோலாக இருந்தது அவருடைய அந்தப் பேச்சுதான். குழுவில் நூற்றுக்கணக்கான செய்திகள் இருந்தாலும், அவரைப் போன்றவர்களுக்கு மேலே தெரியும் அந்த ஒற்றை வரிதான் குழு.

முதலில் வாக்கெடுப்புகள். ஏன் முதலில் என்றால், கோப்பை மறுபடி அனுப்பிவிடலாம், அறிவிப்பை மறுபடி எழுதிவிடலாம். வாக்கெடுப்பை அழித்தால் அதில் பதிந்த விடைகள் திரும்பி வரமாட்டா. அதோடு, திறந்து கிடக்கும் வாக்கெடுப்பு மற்றவற்றைப் போலச் சும்மா கிடப்பதில்லை, ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கிறது. இதற்கு எங்கள் குழுவிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருந்தது.

ஏப்ரலில் தமிழ் மொழி மாதத்தை ஒட்டி எங்கள் பிள்ளைகள் பள்ளி மேடையில் ஒரு சிறு நிகழ்ச்சி படைத்தார்கள். எல்லோரும் ஒரே நிற டி-சட்டை அணிவது என்று முடிவானதும், ஒரு தாயார் அளவு கேட்டு ஒரு வாக்கெடுப்பு போட்டார். வகுப்பில் இருப்பவர்கள் 24 பிள்ளைகள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எஸ் 7, எம் 12, எல் 8 என்று மொத்தம் 27 வாக்குகள் இருந்தன. யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வழியில்லை. டெலிகிராமில் வாக்கெடுப்பை உருவாக்கும்போது `Anonymous Voting` என்பது தானாகவே இயக்கத்தில் இருக்கும். நாமாக அணைத்தால்தான் பெயர்கள் தெரியும். பெயர் தெரியும் வாக்கெடுப்பு 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது என்றாலும், அந்தப் பொத்தானைக் கவனிப்பவர்கள் குறைவு.

கூடுதலான மூன்று வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்ததில் காரணம் தெளிவாகவே தெரிந்தது. இரண்டு வீடுகளில் அம்மாவும் அப்பாவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாக்களித்திருந்தார்கள். இன்னொருவர் முடிவைப் பார்ப்பதற்காகவே ஒன்றைத் தொட்டிருந்தார். டெலிகிராமில் தான் வாக்களிக்காதவரை மற்றவர்களின் முடிவு தெரியாது என்பதால், எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று பார்க்க விரும்புகிறவர் ஏதேனும் ஒன்றைத் தொட்டுவிடுகிறார். `Retract Vote` என்று வாக்கைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. ஆனால் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போய்ச் செய்பவர்கள் அரிது. கடைசியில் பெயர் போட்டு ஒரு பட்டியல் எழுதி, எஸ் 6, எம் 11, எல் 7 என்று தேக்காவில் உள்ள கடையில் சொல்லி வாங்கினோம். நிகழ்ச்சியும் நல்லபடியாக முடிந்தது.

வாக்கெடுப்பு மட்டும் முடியவில்லை. அது மேலே பின் செய்யப்பட்ட நிலையிலேயே, திறந்தபடியே இருந்தது. மே மாதத்தில் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த ஒரு பிள்ளையின் தந்தை குழுவில் சேர்ந்தார். அவர் திரையில் முதலில் கண்டது "டி-சட்டை அளவு?" என்ற கேள்வி. எம் என்று தொட்டார், சட்டை வரும் என்று காத்திருந்தார். அவர் கேட்கத் தயங்கியதால் எங்களுக்கும் தெரியவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் சட்டை இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளை வீட்டில் கேட்ட பிறகுதான் செய்தி எங்களுக்கு வந்தது. அந்தக் குடும்பம் செய்ததில் பிழை எதுவும் இல்லை. குழு கேள்வி கேட்டது, அவர் விடை சொன்னார். கேள்வியை நிறுத்தாதது குழுவின் பொறுப்பு.

நிறுத்துவது எளிது. வாக்கெடுப்பின் மீது அழுத்தினால் வரும் பட்டியலில் `Stop Poll` என்று இருக்கும். உறுதிப்படுத்தியதும் அதன் தலைப்பு `Final Results` என்று மாறும். அதன்பின் யாரும் வாக்களிக்க முடியாது, முடிவு எல்லோருக்கும் தெரியும், மறுபடி திறக்கவும் இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழுவில் வாக்கெடுப்பை நிறுத்தும் உரிமை அதை உருவாக்கியவருக்கே உண்டு. நிர்வாகியால்கூட இன்னொருவர் போட்டதை நிறுத்த இயலாது, அழிக்க மட்டுமே முடியும். ஆகவே யார் போட்டது என்று பார்த்து, அவரவருக்குத் தனியே ஒரு வரி எழுதி நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்க் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அவர் போட்டுவிட்டுப் போன வாக்கெடுப்பை நிறுத்த ஆளில்லை என்பதால், விடைகளை எழுதி வைத்துக்கொண்டு அழித்தோம்.

அழித்தால் போதாதா, நிறுத்துவது எதற்கு என்று எனக்குத் துணையாக இருக்கும் இன்னொரு தாயார் கேட்டார். "அக்கா, எப்படியும் அழிக்கத்தானே போறோம்?" என்றார். யாராவது அந்த வாக்கெடுப்பை வேறொரு குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், அங்கே போனதும் அதே வாக்கெடுப்புதான். இரண்டு இடத்து வாக்குகளும் ஒரே கணக்கில் சேரும். நம் குழுவில் அழித்தாலும் அங்கே அது நிற்கும், வாக்கும் வாங்கும். எங்கள் பிள்ளைகளின் அப்பாமார் சிலருக்குத் தனிக் குழு ஒன்று உண்டு என்பதால், நிறுத்திவிட்டு அழிப்பதே சரி என்று முடிவு செய்தோம்.

எவை எவை இன்னும் திறந்திருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் மேலே நகர்த்தி நகர்த்தித் தேடுவது நம்பத்தக்க வழி அன்று. கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப்பைத் திறந்து, குழுவின் மூன்று புள்ளிப் பட்டியலில் `Export chat history` என்பதைத் தேர்ந்தெடுத்தால் உரையாடல் முழுவதையும் ஒரு நகலாக எடுக்கலாம். படங்களையும் கோப்புகளையும் விட்டுவிட்டு, ஜேசான் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் `result.json` என்ற ஒரே கோப்பு வரும். அதை ஒரு சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து `"closed": false` என்று தேடினால், திறந்து கிடக்கும் வாக்கெடுப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். எங்கள் சட்டை வாக்கெடுப்பு இப்படி இருந்தது:

```
"poll": {
  "question": "டி-சட்டை அளவு?",
  "closed": false,
  "total_voters": 28,
  "answers": [
    { "text": "எஸ்", "voters": 7, "chosen": false },
    { "text": "எம்", "voters": 13, "chosen": true },
    { "text": "எல்", "voters": 8, "chosen": false }
  ]
}
```

ஏப்ரலில் 27 ஆக இருந்தது 28 ஆகியிருப்பதையும், எம் 12 என்பது 13 ஆகியிருப்பதையும் பாருங்கள். அந்தத் தந்தையின் வாக்கு அதுதான். இந்த நகலில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும், வாக்களித்தவர்களின் பெயர் இருக்காது. பெயர் தெரியும் வாக்கெடுப்பாக இருந்து, யார் என்ன சொன்னார்கள் என்பது பின்னால் தேவைப்படும் என்றால், அழிப்பதற்கு முன் `View Results` திறந்து கையால் எழுதிக்கொள்ள வேண்டும். கணினியில் புதிதாக உள்நுழைந்தவர்களை டெலிகிராம் பாதுகாப்புக் கருதி 24 மணி நேரம் காக்க வைக்கக்கூடும் என்பதால், வெள்ளிக்கிழமை துப்புரவு என்றால் புதன்கிழமையே உள்நுழைந்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா வாக்கெடுப்பும் தவணையோடு சாவதில்லை. ஜூன் விடுமுறையில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழ்க் கதைப் புத்தகம் படிக்க வைப்பது என்று ஒரு திட்டம் இருந்தது. எந்தச் சனிக்கிழமை என்ற வாக்கெடுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. அதை நிறுத்தினோம், அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக அதன் கீழேயே முடிவான நாள், நேரம், எந்தத் தளம் என்று எழுத்தில் பதிவிட்டோம். சதவீதக் கோடுகளைப் பார்த்து எது முடிவு என்று ஊகிக்கும் வேலையைப் படிப்பவரிடம் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது கோப்புகள். குழுவின் பெயரைத் தொட்டால் `Media`, `Files`, `Links` என்று தனித்தனித் தாவல்கள் வரும். கோப்புகள் எல்லாம் `Files` தாவலில் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பெற்றோர் பெரும்பாலும் பயிற்சித்தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துத்தான் அனுப்புகிறார்கள். அவை எல்லாம் `Media` தாவலில், பிறந்தநாள் கேக்குக்கும் மேடை நிகழ்ச்சிப் படங்களுக்கும் நடுவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே `Media` தாவலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தால் நான்கு மாதச் சொல்வதெழுதுதல் பட்டியலும் போய்விடும். நாங்கள் முதலில் அந்தப் பட்டியல் படங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப்பாக்கி, `தவணை1-2_சொல்வதெழுதுதல்.pdf` என்று பெயரிட்டு மறுபடி அனுப்பினோம். `scan0012.pdf` என்ற பெயரில் வந்தவற்றை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புதியது சரியாகத் திறக்கிறதா என்று இன்னொரு கைப்பேசியில் பார்த்த பிறகே பழைய படங்களை நீக்கினோம்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நீக்குவதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. அவரவர் பிள்ளையின் படத்தை அவரவர் முன்பே எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர் பிள்ளையின் படம் இன்னொருவர் குழுவில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டிய தேவை இல்லை.

நான் மிகவும் கவலைப்பட்டது வேறொரு கோப்பைப் பற்றி. கதை சொல்லும் போட்டி ஒன்றில் பெயர் கொடுப்பதற்காக, மார்ச்சில் ஒரு பட்டியல் குழுவில் சுற்றியது. பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருந்தன. சிங்கப்பூரில் பிறந்த குடிமக்களான பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எண்ணேதான் 15 வயதில் வாங்கும் அடையாள அட்டையிலும் வரும். அது வாழ்நாள் முழுவதும் மாறாத எண். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனிப்பட்ட முறையிலோ வீட்டு அளவிலோ செயல்படும் மனிதர்கள் மீது அதன் கடமைகள் விழுவதில்லை. எனவே பெற்றோர்கள் தாங்களாகவே நடத்தும் ஒரு குழுவில் இப்படிப்பட்ட பட்டியலை யார் வந்து நீக்கப்போகிறார்கள்? நாங்கள்தான் நீக்க வேண்டும்.

அதிலும் குழுவில் இருந்தது கோப்பு அல்ல, கூகள் ஷீட்டுக்கான ஓர் இணைப்பு. செய்தியை அழித்தால் இணைப்பு திரையிலிருந்து மறையும். பட்டியல் கூகளில் அப்படியே இருக்கும். அந்த இணைப்பை ஏற்கெனவே திறந்தவர்களின் உலாவி வரலாற்றில் அது இருக்கும், ஃபார்வர்டு ஆன இடங்களிலும் இருக்கும். `Links` தாவலில் போய்ப் பார்த்தால் அந்த ஒரே இணைப்பு மூன்று முறை வந்திருந்தது. பட்டியலை உருவாக்கியவர் அதைத் திறந்து, `Share` பொத்தானை அழுத்தி, `General access` என்ற இடத்தில் `Anyone with the link` என்றிருந்ததை `Restricted` என்று மாற்றியதும்தான் கதவு மூடியது. அதன் பிறகு அவர் அந்த ஷீட்டையே நீக்கிவிட்டார், குழுவில் இருந்த மூன்று செய்திகளையும் நாங்கள் அழித்தோம். கூகள் படிவங்கள் இருந்தால் அவற்றிலும் விடைகளை ஏற்பதை நிறுத்திவிட வேண்டும். திறந்த வாக்கெடுப்பைப் போலவே அதுவும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மற்றவர்கள் அனுப்பியதை நிர்வாகி அழிக்கும்போது வரும் பெட்டியில் கூடுதலாகச் சில தேர்வுகள் தோன்றும். `Report Spam`, `Delete All`, `Ban` என்பவை அவை. விளம்பரக் கணக்குகளை விரட்டுவதற்காக வைத்திருக்கும் வசதி அது. அவசரத்தில் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டால், சொல்வதெழுதுதல் பட்டியலை அன்போடு அனுப்பிக்கொண்டிருந்த பெற்றோர் குழுவிலிருந்து வெளியேற்றப்படுவார், திரும்பச் சேரவும் முடியாது. நிர்வாகி தடையை நீக்க வேண்டும். பல பேர் அனுப்பியதை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது அந்தப் பெட்டியை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு அழுத்துங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கைப்பேசியின் `Storage Usage` பக்கத்தில் போய் அழிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. டெலிகிராமின் கோப்புகள் அதன் சர்வரில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் நீக்குவது நம் கைப்பேசியில் இறங்கிய நகலை மட்டுமே. குழுவில் தொட்டால் மறுபடி இறங்கும். அதுபோல் குழுவில் அழித்தாலும், ஒருவர் தம் படத்தொகுப்பில் சேமித்துக்கொண்டது அங்கேயே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டி நிர்வாகியால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் முன்கூட்டி எழுதும் செய்தியில் பெயர்ப்பட்டியலைத் தயவுசெய்து சேமிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம்.

பின் செய்த அறிவிப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம், அவற்றில் பாதி மற்ற செய்திகளைக் காட்டுபவை. 2020 அக்டோபர் முதல் டெலிகிராமில் பல செய்திகளைப் பின் செய்ய முடிகிறது. வசதிதான், ஆனால் மேலே உள்ள பட்டையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். தொடத் தொட அதற்கு முந்தையது வரும். எங்கள் பட்டையில் முதலில் வந்தது சட்டை வாக்கெடுப்பு, அடுத்து மார்ச் மாதத் தேர்வு அட்டவணை, அதற்கும் பின்னால்தான் ஆசிரியரைத் தொடர்புகொள்ளும் முறை. இதில் அந்தத் தாத்தா தினமும் தொட்டுப் பார்த்தது எதை என்று யோசித்தபோது மனம் கனத்தது.

பட்டையின் வலப்பக்கக் குறியைத் தொட்டால் பின் செய்தவை அனைத்தும் ஒரே பக்கத்தில் வரும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, நாள் கடந்ததா, அதில் உள்ள இணைப்பு இன்னும் திறக்கிறதா, அடுத்த தவணைக்கும் பொருந்துமா என்று பார்த்தோம். பின்னை எடுப்பதால் செய்தி அழிவதில்லை, உரையாடலில் தன் இடத்தில் இருக்கும். ஆகவே இங்கே தயங்க வேண்டியதில்லை. கீழே உள்ள `Unpin All Messages` என்பதை அழுத்தி மொத்தமாக எடுத்துவிட்டு, புதிதாக ஒரே ஒரு செய்தி எழுதினோம். மூன்றாம் தவணை தொடங்கும் நாள், நூலகச் சந்திப்பு, சொல்வதெழுதுதல் தொகுப்பு, வாய்மொழிப் படங்கள், ஆசிரியரைத் தொடர்புகொள்ளும் முறை என்று ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் அந்தந்தச் செய்திக்கான இணைப்பு. செய்தியை அழுத்தி `Copy Link` கொடுத்தால் `https://t.me/c/` என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். கோப்பை அழித்து மறுபடி அனுப்பினால் இந்த முகவரி மாறிவிடும் என்பதால்தான் இந்தப் பட்டியலைக் கோப்பு வேலை முடிந்த பிறகே எழுத வேண்டும். பின் செய்யும்போது எல்லோருக்கும் ஒலியெழுப்பித் தெரிவிக்கவா என்று கேட்கும். வேண்டும் என்று விட்டோம். தவணைக்கு ஒருமுறை ஒலிப்பதில் தவறில்லை.

வாட்ஸ்அப்பில் குழு நடத்துகிறவர்களுக்கு இதே வேலை வேறு மாதிரி இருக்கும். அங்கே பின் செய்வதற்கு அதிகபட்சம் 30 நாள் என்பதால் பழைய அறிவிப்பு தானாகவே இறங்கிவிடும், அது நல்லதுதான். ஆனால் அனுப்பிய செய்தியை எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசமே உண்டு, கோப்புகளும் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் தனித்தனியே இருக்கும். அங்கே தவணை முடிவில் துப்புரவு செய்ய நினைப்பது காலம் கடந்தது. பெயர்ப்பட்டியலை முதலிலேயே அனுப்பாமல் இருப்பதுதான் வழி.

எல்லாம் முடிந்ததும் ஒரு சாதாரண உறுப்பினரின் கண்ணால் பார்க்க வேண்டும். நிர்வாகியின் திரையில் தெரிவதும் மற்றவர் திரையில் தெரிவதும் ஒன்றல்ல. என் கணவரின் கைப்பேசியில் குழுவைத் திறந்து, பட்டையைத் தொட்டு, ஐந்து இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். தவறி அழித்ததை மீட்கவும் சிறிது அவகாசம் இருக்கிறது. குழு அமைப்பில் `Recent Actions` என்ற பக்கத்தில், அழிக்கப்பட்ட செய்திகளை நிர்வாகிகள் 48 மணி நேரம் வரை பார்க்கலாம். அங்கிருந்து பழைய இடத்தில் வைக்க முடியாது. எடுத்துப் புதிதாக அனுப்பலாம். வெள்ளிக்கிழமை மாலை செய்தால் ஞாயிறு மாலை வரை அந்த வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை காலையில் ஒரு தாயார், பிப்ரவரியில் தாம் அனுப்பிய பழமொழிப் பட்டியலைக் காணவில்லை என்று எழுதினார். அது மேடை நிகழ்ச்சிப் படங்களோடு சேர்ந்து போயிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து மறுபடி அனுப்பி, மேலே உள்ள செய்தியில் ஆறாவது வரியாகச் சேர்த்தோம்.

மூன்றாம் தவணைக்காக இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்தோம். குழுவின் `Permissions` பக்கத்தில் வாக்கெடுப்பு அனுப்பும் உரிமையை உறுப்பினர்களுக்கு அணைத்துவிட்டோம். ஒருவருக்கு வாக்கெடுப்பு வேண்டுமானால் எங்கள் இருவரில் ஒருவரிடம் சொல்வார், நாங்கள் போடுவோம். போட்டவரே நிறுத்த முடியும் என்ற விதி இனி எங்களுக்குத் தடையாக இராது. இரண்டாவது, பெயர் தெரியும்படியே போடுவது, கேள்வியிலேயே கடைசி நாளை எழுதிவிடுவது. ஆசிரியர் தினத்துக்கான வாக்கெடுப்பு இப்படித் தொடங்கும்: "வாழ்த்து அட்டை யார் வீட்டில் செய்யலாம்? ஒரு பிள்ளைக்கு ஒரு வாக்கு. ஆகஸ்ட் 15 இரவு நிறுத்தப்படும்."